சொற்களை வைத்து எழுதியவரின் தொனியையும் நோக்கத்தையும் கண்டறிவது: முழுமையான வழிகாட்டி

‘இப்பத்தியில் ஆசிரியரின் தொனி யாது?’ என்ற கேள்வியில் நிறையப் பேர் சறுக்குவதை வாசிப்புப் பயிற்சி வகுப்பில் தொடர்ந்து பார்க்கிறேன். பத்தி நன்றாகவே புரிந்திருக்கும், மற்ற கேள்விகளுக்கெல்லாம் சரியாக எழுதியிருப்பார்கள். இந்த ஒன்று மட்டும் தப்பிவிடும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பத்தி எதைப் பற்றியது என்று பார்த்துத் தொனியை முடிவு செய்துவிடுகிறார்கள். ஏழைகளைப் பற்றிப் பேசினால் இரக்கம், அரசைப் பற்றிப் பேசினால் கண்டனம், விழாவைப் பற்றிப் பேசினால் மகிழ்ச்சி என்று ஒரு கணக்கு. ஆனால் ஒரே தகவலைப் பத்து விதமாகச் சொல்லலாம். அந்தப் பத்தில் எழுதியவர் எதை எடுத்தார், எதை ஒதுக்கினார் என்பதில்தான் தொனி இருக்கிறது.

கீழே உள்ள வரிசை முக்கியம். நோக்கம் கடைசியில்தான் வரும். அதை முதலில் முடிவு செய்தால், மீதிச் சொற்களையெல்லாம் அந்த முடிவுக்கு ஏற்றபடி வளைத்துப் படிக்கத் தொடங்கிவிடுவோம்.

## 1. கையில் என்ன வேண்டும்

ஒரு பென்சில், எழுத ஒரு தாள், ஓர் அகராதி. திரையில் படிப்பவர்களும் பத்தியை ஒரு முறை தாளில் எழுதிக்கொள்வது நல்லது. எழுதும்போது கண் தாண்டிப் போகும் சின்ன ஒட்டுகள் கையில் மாட்டும்.

அகராதி என்றால் பொருள் மட்டும் தரும் அகராதி போதாது. சொல் எங்கே புழங்குகிறது என்றும் சொல்ல வேண்டும். 1992-இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இதற்கு உதவும். ஒரு சொல் உயர் வழக்கா, பேச்சு வழக்கா என்ற குறிப்பு அதில் இருக்கிறது, எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கிறது. தொனிக்கு வேண்டியது அந்தக் குறிப்புதான்.

இனி வேலை செய்ய ஒரு பத்தி வேண்டும். பயிற்சிக்காக நானே எழுதிய கற்பனைப் பத்தி இது. உள்ளூர்ப் பத்திரிகையில் வரும் குறிப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

> பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையோரக் கடைகளை அகற்றும் பணி நேற்று இனிதே நிறைவடைந்தது. 40 ஆண்டுகளாக அங்கேயே பூ விற்று வந்தவர்களுக்கு முதல் நாள் மாலைதான் அறிவிப்பு கொடுத்தார்களாம். மாற்று இடம் தயார் என்கிறது நகராட்சி. ஊருக்கு வெளியே, பேருந்துகூட நிற்காத இடத்தில், கூரை மட்டும் போட்ட கட்டடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நெரிசல் குறைய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், கார் நிறுத்த இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன், தள்ளுவண்டிகள் எங்கே போயின என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்ததாகக் கடைவீதியிலும் இதே ‘அழகுபடுத்தல்’ நடக்கப்போகிறதாம்.

## 2. முதல் வாசிப்பில் தீர்ப்பு வேண்டாம்

முதல் முறை படிக்கும்போது நடந்தது என்ன என்பதை மட்டும் பிடியுங்கள். கடைகள் அகற்றப்பட்டன, மாற்று இடம் இருக்கிறது, அடுத்து கடைவீதி. அவ்வளவு போதும்.

இந்தக் கட்டத்தில் உங்களுக்கு ஒரு கருத்து வந்தே தீரும். நடைபாதையில் நடக்க இடமில்லாமல் அவதிப்பட்டவருக்கு ஒன்று தோன்றும், பூக்கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு வேறொன்று தோன்றும். அதைத் தாளின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதி, கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். எழுதி வைப்பது ஏன் என்றால், கடைசியில் நீங்கள் சொல்லும் தொனி இந்த வரியோடு அப்படியே பொருந்தினால் ஒரு தடவை சந்தேகப்பட வேண்டும். எழுதியவரின் மனசைப் படித்தோமா, நம் மனசைப் படித்தோமா என்று.

## 3. வெறும் தகவலாக மாற்றி எழுதுங்கள்

இந்த வழியின் உயிர்நாடி இந்தப் படிதான். அதைத்தான் பலரும் சோம்பல்பட்டுத் தாண்டுகிறார்கள். பத்தியில் உள்ள செய்தி ஒன்றையும் விடாமல், ஆனால் யார் பக்கமும் சாயாத சொற்களில் மறுபடி எழுத வேண்டும். அரசு அலுவலகக் கோப்பில் எழுதுவது போல வறட்சியாக இருக்கட்டும்.

> பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையோரக் கடைகள் நேற்று அகற்றப்பட்டன. அங்கு 40 ஆண்டுகளாகப் பூ விற்றவர்களுக்கு முதல் நாள் மாலை அறிவிப்பு கொடுக்கப்பட்டது. மாற்று இடம் தயாராக உள்ளதாக நகராட்சி தெரிவித்தது. அந்த இடம் ஊருக்கு வெளியே உள்ளது. அங்கு பேருந்து நிற்பதில்லை. கட்டடத்துக்குக் கூரை போடப்பட்டுள்ளது. கடைகளை அகற்றியதால் கார் நிறுத்த இடம் கிடைத்துள்ளது. அடுத்து கடைவீதியிலும் கடைகள் அகற்றப்படும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பத்தியில் இருந்து இரண்டாவதில் காணாமல் போனவற்றைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். இனிதே, அங்கேயே, மாலைதான், -களாம், பேருந்துகூட, கூரை மட்டும், இருக்கத்தான் செய்கிறது, மாற்றுக் கருத்து இல்லை, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மேற்கோள் குறிக்குள் இருக்கும் அழகுபடுத்தல்.

இந்தப் பட்டியல்தான் தொனி. இதில் ஒன்றுகூடச் செய்திக்குத் தேவையில்லை. தேவையில்லாதிருந்தும் எழுதியவர் மெனக்கெட்டுப் போட்டிருக்கிறார்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். வறட்டு வடிவம் எழுதும்போது சிலர் எழுத்தாளரின் சொல்லுக்குப் பதில் தங்கள் சொல்லைப் போட்டுவிடுவார்கள். ‘வியாபாரிகள் விரட்டப்பட்டனர்’ என்று எழுதினால் அது வறட்டு வடிவம் இல்லை, புதிதாக இன்னொரு தொனி. பிறகு கழித்துப் பார்த்தால் கிடைப்பது தப்பான மிச்சம்.

## 4. பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள்

அடிக்கோடிட்டவற்றுக்குள் போவதற்கு முன், பத்தியில் முக்கியமான ஆள், பொருள், செயல் மூன்றுக்கும் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பெயர் வைத்தாலே பாதிப் பக்கம் எடுத்தாகிவிடும்.

தெருவோரம் நிற்கும் அதே தள்ளுவண்டியைக் கடை என்றும் சொல்லலாம், ஆக்கிரமிப்பு என்றும் சொல்லலாம், வாழ்வாதாரம் என்றும் சொல்லலாம். ‘ஆக்கிரமிப்புகள் அதிரடியாக அகற்றப்பட்டன’ என்று ஒருவர் எழுதினால் அகற்றியது சரி என்ற தீர்ப்பு பெயர்ச்சொல்லிலேயே முடிந்துவிட்டது. ‘வாழ்வாதாரம் பறிபோனது’ என்றால் எதிர்த் தீர்ப்பு. நம் பத்தியில் ‘சாலையோரக் கடைகள்’ என்று பொதுவான பெயர்தான் இருக்கிறது. அதாவது எழுதியவர் பெயரில் சண்டைக்கு வரவில்லை, வேறு இடத்தில் வைத்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. ஆக்கிரமிப்பு என்பது சட்டத்திலும் அலுவலகத்திலும் வழங்கும் சொல். நகராட்சி நோட்டீசில் வந்தால் அது வெறும் கலைச்சொல். அதே சொல் ஒரு கட்டுரையில் வந்தால் கட்டுரையாளர் தேர்ந்தெடுத்தது. சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அது எங்கே வந்திருக்கிறது என்பதை விட்டுவிடக் கூடாது.

## 5. ஒட்டுகளை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள்

தமிழில் தொனியின் பெரும்பகுதி பெரிய சொற்களில் இருப்பதில்லை. சொல்லின் வாலில் தொங்கும் தான், கூட, மட்டும், ஆம், லாம் ஆகியவற்றில் இருக்கிறது. ‘கொடூரம்’, ‘அவலம்’ போன்ற சொற்களைத் தேடுகிறவர்கள் நம் பத்தியில் ஒன்றும் கிடைக்காமல் ‘நடுநிலை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

வழி எளிது. ஒட்டை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். எடுத்ததால் ஓர் எதிர்பார்ப்பு காணாமல் போனால் அந்த ஒட்டு தொனியைச் சுமக்கிறது. ஒன்றும் குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தான். ‘முதல் நாள் மாலை அறிவிப்பு கொடுத்தார்கள்’ என்றால் ஒரு நேரக் குறிப்பு. ‘மாலைதான்’ என்றதும், அதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உள்ளே வந்துவிடுகிறது. தாமதம் என்ற சொல்லே இல்லாமல் தாமதத்தைச் சொல்லியாயிற்று. ஆனால் ‘இவர்தான் சங்கச் செயலாளர்’ என்பதில் வரும் தான் ஆளைச் சுட்டுகிறது, அவ்வளவே. அதில் தொனி தேடாதீர்கள்.

கூட. ‘பேருந்துகூட நிற்காத இடம்’ என்கிறபோது, ஓர் இடத்துக்குக் குறைந்தபட்சம் இருக்க வேண்டியது பேருந்து நிறுத்தம், அதுவே இல்லை என்று ஒரு அளவுகோல் வைக்கிறார். எதிர்மறை வினையோடு வரும் கூட பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யும். ‘அண்ணன்கூடப் போனேன்’ என்பது வேறு கூட, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மட்டும். ‘கூரை மட்டும் போட்ட கட்டடம்.’ சுவர் இல்லை, தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை என்று எங்கும் எழுதவில்லை. படிப்பவரே மனதுக்குள் எழுதிக்கொள்கிறார். சொல்லாமல் சொல்ல வைப்பது இந்த ஒட்டு. பிறகு ‘சுவர் இல்லை என்று பத்தி கூறுகிறது’ என்று பதில் எழுதினால் மதிப்பெண் போகும். பத்தி கூறவில்லை, உணர்த்துகிறது. இரண்டும் வேறு கேள்விகள்.

இருக்கத்தான் செய்கிறது. இது தனியாகப் பேச வேண்டிய அமைப்பு. ‘இருக்கிறது’ என்றால் ஒப்புதல். ‘இருக்கத்தான் செய்கிறது’ என்றால், இருக்கிறது என்பதை மறுக்க முடியாது, ஆனால் இருந்து என்ன பயன் என்ற சலிப்பு. வீட்டில் ‘சாப்பாடு இருக்கத்தான் செய்யுது’ என்று யாராவது சொன்னால் சாப்பாடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், இல்லையா? எழுத்திலும் அதே வேலைதான்.

ஆம். மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இது. ‘கொடுத்தார்களாம்’, ‘நடக்கப்போகிறதாம்’ என்று பார்த்ததும் கிண்டல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆம் என்ற ஒட்டின் அடிப்படை வேலை, ‘நான் நேரில் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்று சொல்வதுதான். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று பாட்டி சொல்லும்போது கிண்டல் ஏதும் இல்லை. நிருபர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் அதைப் போடுவார்.

எப்போது கிண்டலாகிறது? பக்கத்தில் இருக்கும் சொற்கள் ஒத்துழைத்தால்தான். நம் பத்தியில் இரண்டு ஆம் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. ‘அறிவிப்பு கொடுத்தார்களாம்’ என்பது பூ விற்றவர்கள் சொன்னதைக் கேட்டுச் சொல்வது. கூடவே வரும் ‘மாலைதான்’ அதற்கு ஆதங்கத்தைச் சேர்க்கிறது. கிண்டல் இல்லை. கடைசியில் வரும் ‘நடக்கப்போகிறதாம்’ அப்படியில்லை. அதற்கு முன்னால் மேற்கோள் குறிக்குள் ‘அழகுபடுத்தல்’ உட்கார்ந்திருக்கிறது. பிறர் வாயில் இருந்து வந்த சொல்லைத் தன் சொல்லாக ஏற்க மறுத்து, குறிக்குள் அடைத்து, ஆம் போட்டு மூடுகிறார். இது ஏளனம்.

லாம். ‘கேட்டிருக்கலாம்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவேளை கேட்டிருப்பார்கள் என்ற ஊகம் ஒன்று. கேட்காமல் விட்டார்களே என்ற குறை இன்னொன்று. ‘ஒரு வார்த்தை’ என்று முன்னால் வந்தால் இரண்டாவதுதான். இங்கே அளவும் தெரிகிறது. ‘கேட்டிருக்க வேண்டும்’ என்றால் கடமை தவறியதாகக் குற்றச்சாட்டு. ‘ஏன் கேட்கவில்லை?’ என்றால் நேருக்கு நேர் மோதல். எழுதியவர் மூன்றில் மென்மையானதை எடுத்திருக்கிறார். தொனியின் உறைப்பைத் தீர்மானிக்க இந்த மாதிரி இடங்கள்தான் கைகொடுக்கும்.

## 6. இடம் மாறி வந்த சொல்லைப் பிடியுங்கள்

‘இனிதே நிறைவடைந்தது’ என்பதை எங்கே கேட்டிருக்கிறோம்? ஆண்டு விழா நன்றியுரையில், கோயில் குடமுழுக்குச் செய்தியில், கல்யாணப் பேச்சில். கடையை அப்புறப்படுத்தும் வேலைக்கு அந்தச் சொல் வராது. வந்திருக்கிறது என்றால் வேண்டுமென்றே கொண்டுவந்தது.

சொல் அதன் வழக்கமான இடத்தை விட்டு வந்தால் இரண்டில் ஒன்று. எழுதியவருக்கு மொழி பிடிபடவில்லை, அல்லது அங்கதம். எது என்று முடிவு செய்ய மற்ற வாக்கியங்களைப் பாருங்கள். அவை கச்சிதமாக இருந்தால் இது தடுமாற்றம் இல்லை.

புதிதாகப் பயிற்சி எடுப்பவர்கள் முதல் வாக்கியத்தில் ‘இனிதே’ பார்த்ததும் பாராட்டுத் தொனி என்று குறித்துக்கொண்டு, அதன்பின் வரும் எல்லாவற்றையும் அந்தக் கண்ணாலேயே படிப்பார்கள். முதல் வாக்கியத்து மங்கலச் சொல்லை நான் எப்போதும் கேள்விக்குறி போட்டே வைப்பேன். மூன்றாவது வாக்கியம் வரை அது தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் குறியை அழிப்பேன்.

## 7. இது யாருடைய குரல் என்று பிரியுங்கள்

பத்தியில் எல்லாச் சொல்லும் எழுதியவரின் சொல் அல்ல. ‘மாற்று இடம் தயார்’ என்பது நகராட்சியின் பேச்சு. அதை எழுதியவரின் கருத்தாக எடுத்துக்கொண்டால் தலைகீழாகிவிடும். எழுதியவரின் பங்கு, அந்தப் பேச்சைச் சுற்றிப் போட்ட வினையில் இருக்கிறது.

ஒரே பேச்சை மூன்று விதமாக மாட்டிப் பாருங்கள். ‘நிதி போதவில்லை என்று செயலாளர் கூறினார்.’ ‘நிதி போதவில்லை என்று செயலாளர் ஒப்புக்கொண்டார்.’ ‘நிதி போதவில்லை என்று செயலாளர் சமாளித்தார்.’ முதலாவதில் எழுதியவர் ஒதுங்கி நிற்கிறார். இரண்டாவதில் நிதி போதவில்லை என்பது உண்மை என்று அவரும் நம்புகிறார், செயலாளர் இதுவரை அதைச் சொல்லாமல் இருந்தார் என்றும் சேர்த்துச் சொல்கிறார். மூன்றாவதில் அந்தக் காரணத்தையே நம்பவில்லை. செயலாளர் வாயைத் திறந்தது ஒரே விஷயத்துக்குத்தான்.

நம் பத்தியில் ‘என்கிறது நகராட்சி’ என்று வினை முன்னால் வந்து ஆள் பின்னால் போயிருக்கிறது. இது பத்திரிகை நடையில் சாதாரணமாக வருவதுதான், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாக்கியம் உடனே அந்தக் கூற்றைச் சோதிக்கப் போகிறது. அதனால் இங்கே அது ‘அவர்கள் சொல்கிறார்கள், நான் சொல்லவில்லை’ என்ற விலகலாக வேலை செய்கிறது.

மரியாதை விகுதியையும் இந்தப் படியில் பார்த்துவிடுங்கள். எல்லாரையும் வந்தார், சொன்னார் என்று எழுதிக்கொண்டே வந்தவர் ஒருவரை மட்டும் வந்தான் என்றால் அது கவனிக்க வேண்டிய இடம். ஆனால் ஆன் விகுதி என்றாலே இழிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுவனுக்கும் ஆன் விகுதிதான், பக்தன் முருகனைப் பாடும்போதும் ஆன் விகுதிதான். வரலாற்று நூல்கள் பலவற்றில் மன்னன் படையெடுத்தான் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தியின் பொது வழக்கம் என்ன, அதில் இருந்து எங்கே விலகுகிறது என்பதே கேள்வி.

செயப்பாட்டு வினைக்கும் இதே விதி. ‘அகற்றப்பட்டன’ என்பது செய்தவரை மறைக்கும். ஆனால் அரசாணையிலும் சுற்றறிக்கையிலும் பெரும்பாலும் செயப்பாட்டில்தான் வரும், அங்கே அது மறைப்பு இல்லை, பழக்கம்.

## 8. ‘ஆனால்’ எங்கே இருக்கிறது?

‘நெரிசல் குறைய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.’ இந்த ஒரு வாக்கியத்தைக் காட்டி, ‘ஆசிரியர் இரு பக்கத்தையும் சமமாகப் பார்க்கிறார்’ என்று வாதாடுவார்கள். அடுத்த சொல்லைப் பாருங்கள்: ஆனால்.

வாதம் செய்பவர்கள் எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு தன் கருத்தைச் சொல்வது வழக்கம். ஆனால், இருந்தாலும், என்றபோதிலும் ஆகியவற்றுக்குப் பின்னால் எது வருகிறதோ அதுதான் எடை உள்ள பக்கம். வரிசையை மாற்றிப் பார்த்தால் புரியும். ‘வியாபாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் நெரிசல் குறைய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை’ என்று இருந்தால் பத்தி நகராட்சியின் பக்கம் சாய்ந்துவிடும். சொற்கள் அவையேதான்.

முன்பாதிக்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கண்மூடித்தனமான எதிர்ப்பு அல்ல என்பதற்கு அது சாட்சி. தொனிக்குப் பெயர் வைக்கும்போது அது தேவைப்படும்.

## 9. தொனிக்குப் பெயர் வையுங்கள்

இப்போதுதான் பெயர். ஒரே சொல்லில் அடக்கப் பார்க்காதீர்கள். எந்தப் பக்கம், எவ்வளவு உறைப்பு, எந்த வழியில் என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

நம் பத்தியில் பக்கம்: கடை நடத்தியவர்கள் மீது பரிவு, நகராட்சி செய்த விதத்தின் மீது குறை. உறைப்பு: நடுத்தரம், ‘கேட்டிருக்கலாம்’ அளவு. வழி: நேரடியாகத் திட்டாமல் இனிதே, ஆம், மேற்கோள் குறி வழியாக. சேர்த்தால், ‘ஆதங்கம் கலந்த மென்மையான ஏளனம்’ என்று வரும்.

விடைத்தேர்வுகளில் கோபம், நடுநிலை, ஏளனம் கலந்த விமர்சனம், விரக்தி என்று நான்கு இருந்தால் மூன்றாவதுதான். கோபம் ஏன் இல்லை? கடுஞ்சொல் ஒன்றும் இல்லை, நேரடிக் குற்றச்சாட்டும் இல்லை. விரக்தி ஏன் இல்லை? விரக்தி அடைந்தவர் அடுத்த தெருவைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். ஒரு பெயரை ஏற்கும்போது மற்ற பெயர்கள் ஏன் பொருந்தவில்லை என்பதற்கும் பத்தியில் இருந்தே ஒரு சொல்லைக் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

## 10. கடைசியாக நோக்கம்

தொனி என்பது எழுதியவர் பொருளை எப்படிப் பார்க்கிறார் என்பது. நோக்கம் என்பது படிப்பவர் என்ன செய்ய வேண்டும், என்ன நினைக்க வேண்டும் என்று விரும்புகிறார் என்பது. அதற்குச் சொல் மட்டும் போதாது. யார், யாரிடம், எந்தச் சமயத்தில் பேசுகிறார் என்பதும் வேண்டும்.

இதற்குப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை பாடுகிறார். இங்கே உள்ள ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அங்கே என் தலைவனின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன.

சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அழகான சொல்லெல்லாம் தொண்டைமான் பக்கம்: பீலி, மாலை, நெய், பெரிய மாளிகை. சிதைவு, சிறிய பட்டறை எல்லாம் அதியமான் பக்கம். நல்ல சொல், கெட்ட சொல் என்று இரண்டு வரிசையாகப் பிரித்துக் கூட்டினால், தொண்டைமானுக்குப் பாராட்டு, அதியமானுக்குக் குறை என்றுதான் விடை வரும். சிலர் அப்படியே எழுதியும் தருகிறார்கள்.

வினைகளைப் பார்த்தால் கதை மாறுகிறது. தொண்டைமானின் ஆயுதங்களுக்கு அணிவது, சூடுவது, பூசுவது போன்ற ஒப்பனை, பராமரிப்பு வினைகள் மட்டும். போர்க்கருவிக்கு உரிய வினை ஒன்றுகூட இல்லை. ‘பகைவர்க் குத்தி’ என்பது அதியமான் பக்கம் மட்டும் இருக்கிறது. ஆயுதத்தைப் பற்றிய பாட்டில் குத்துதல் என்ற வினை எந்தப் பக்கம் வரவில்லையோ, அந்தப் பக்கம் போர் அனுபவம் இல்லை. தொனி பாராட்டு போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது எள்ளல்.

எள்ளல் என்று தெரிந்த பிறகும் நோக்கம் தெரியவில்லை. தொண்டைமானைக் கேலி செய்து மகிழ்வதா? பேசுபவர் தூது போனவர், கேட்பவன் ஆயுதம் காட்டி மிரட்டிப் பார்க்கும் மன்னன். போர் அனுபவம் உள்ளவனோடு மோதாதே என்று எச்சரிப்பதுதான் அங்கே பொருந்தும் நோக்கம். ‘பாட்டின் நோக்கம் அதியமானின் ஆயுதங்களை வருணித்தல்’ என்று எழுதினால் அது பாட்டின் பொருள், நோக்கம் அல்ல.

நம் பூக்கடைப் பத்திக்கு வருவோம். அதில் ‘வேண்டும்’ என்று நகராட்சியிடம் வைத்த கோரிக்கை இல்லை. ‘திரும்பக் கடை போட அனுமதியுங்கள்’ என்று எங்கும் இல்லை. கடைசி வாக்கியம் நேற்று நடந்ததை விட்டுவிட்டு நாளை நடக்கப்போவதற்குப் போகிறது. உள்ளூர்ப் பத்திரிகை வாசகரில் கடைவீதிக்காரர்களும் இருப்பார்கள். அதனால் நோக்கம், நேற்று நடந்த விதத்தைக் கேள்விக்கு உள்ளாக்கி, அடுத்த கட்டத்துக்கு முன் வாசகரை உஷார்படுத்துவது. ‘போக்குவரத்து நெரிசலுக்குத் தீர்வு கூறல்’ என்ற விடைத்தேர்வு நிச்சயம் இருக்கும். நெரிசல் பத்தியில் வருகிறது, தீர்வு வரவில்லை.

நோக்கத்தைச் சொல்லும்போது ஒரு வினையில் முடியுங்கள்: எச்சரிப்பது, விளக்குவது, ஏற்க வைப்பது, சிரிக்க வைப்பது. ‘சாலையோர வியாபாரிகள் பற்றி’ என்று முடிந்தால் நீங்கள் சொன்னது தலைப்பு.

## 11. மாற்றிப் போட்டுச் சரிபாருங்கள்

முடிவு சரியா என்று பார்க்க, அடிக்கோடிட்டவற்றில் இரண்டை மட்டும் மாற்றுங்கள். ‘இனிதே நிறைவடைந்தது’ என்பதை ‘நேற்று முடிந்தது’ என்று ஆக்குங்கள். கடைசி வாக்கியத்தில் மேற்கோள் குறியையும் ஆம் ஒட்டையும் எடுத்துவிட்டு, ‘அடுத்ததாகக் கடைவீதியிலும் கடைகள் அகற்றப்படும்’ என்று எழுதுங்கள். பத்தியை முழுதாகப் படித்தால் ஏளனம் போய், ஆதங்கம் மட்டும் மிஞ்சும். ஏளனம் அந்த இரண்டு இடத்திலும்தான் இருந்தது என்பது உறுதி. நீங்கள் வைத்த பெயர் எந்தச் சொல்லை மாற்றினாலும் அசையவில்லை என்றால், அது பத்தியில் இருந்து வந்ததில்லை, இரண்டாம் படியில் ஓரமாக எழுதி வைத்த வரியில் இருந்து வந்தது.

சில பத்திகளில் மூன்றாம் படி முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாது. வானிலை அறிவிப்பு, ரயில் நேர மாற்றம், மருந்துச் சீட்டில் உள்ள குறிப்பு எல்லாம் அப்படித்தான். அங்கே தொனி ‘தகவல் நடை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். அந்த முடிவுக்கும் ஒரு சோதனை உண்டு: உங்கள் வறட்டு வடிவமும் மூலமும் ஏறக்குறைய ஒரே நீளத்தில், ஒரே சொற்களோடு இருக்க வேண்டும். நான்கு சொல் வித்தியாசம் வந்தாலும் அந்த நான்கையும் ஒரு தடவை உருவிப் பார்த்துவிடுங்கள்.